மாடிக் குடோனில் எத்தனை அடுக்கு மூட்டை ஏற்றலாம்?

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது, நமது சங்க உறுப்பினர் ஒருவரின் மொத்த மளிகைக் கடையில் நடந்த சம்பவத்தோடு இந்தப் பாடத்தைத் தொடங்குவோம். கடையின் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. கீழ்த்தளத்தில் கடை, மேல் மாடியில் குடோன் என்று கடைவீதிகளில் வழக்கமாகக் காணும் கட்டிடம் அது.

காலையில் கல்லாவில் உட்கார்ந்த கணக்குப்பிள்ளை, பில் புத்தகத்தின் மேல் வெள்ளைப் பொடி விழுந்திருப்பதைப் பார்த்தார். மைதா சிந்தியிருக்கும் என்று நினைத்துத் தட்டிவிட்டார். மதியம் மறுபடியும் பொடி விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தபோது அது மைதா அல்ல, சிமென்ட் பூச்சு என்று தெரிந்தது. அன்று மாலை கடையைச் சாத்தும்போது, எப்போதும் ஒரே இழுப்பில் இறங்கும் ஷட்டர் பாதியில் இறுகி நின்றது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த கணக்குப்பிள்ளைதான் முதலாளியிடம் சொன்னார். முதலாளி சங்கத்துக்குத் தகவல் தர, நமக்குத் தெரிந்த கட்டிடப் பொறியாளரை உடன் அழைத்துக்கொண்டு நாம் மறுநாள் காலை அங்கே சென்றோம்.

மாடியில் முந்தின வாரம் இறங்கிய சர்க்கரை 240 மூட்டை இருந்தது. மூட்டை ஒன்று 50 கிலோ. நடு ஹாலில் பத்து அடுக்காக அட்டி போட்டிருந்தார்கள். உயரம் மார்பளவுதான். "அண்ணாச்சி, இந்தத் தளம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்தீர்களா?" என்று பொறியாளர் கேட்டார்.

"பார்க்காமல் ஏற்றுவேனா தம்பி? சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று பிளானிலேயே எழுதியிருக்கிறது. ஹால் 9 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். 45 சதுர மீட்டர் ஆச்சு. 45-ஐ 400-ஆல் பெருக்கினால் 18 ஆயிரம் கிலோ. நான் ஏற்றியிருப்பது 12 ஆயிரம் கிலோதான். இன்னும் ஆறாயிரம் பாக்கி இருக்கிறதே!"

கணக்கில் பெருக்கல் பிழை இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கு தவறு. நம்மில் பலர் செய்வதும் இதே தவறுதான். அது எங்கே தவறுகிறது என்பதையும், சரியான கணக்கை ஒரு டேப்பும் ஒரு துண்டுக் காகிதமும் வைத்துக்கொண்டு நாமே போடுவது எப்படி என்பதையும் பார்ப்போம்.

சதுர மீட்டருக்கு என்றால் என்ன?

"சதுர மீட்டருக்கு 400 கிலோ" என்பதன் பொருள், தளத்தின் எந்த ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொண்டாலும் அதன் மேல் 400 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே. காலியாகக் கிடக்கும் மூலை, தன் பங்கை நடுவில் இருக்கும் அட்டிக்குக் கடன் கொடுக்காது. கடைக் கணக்கில் ஒருவர் பற்றை இன்னொருவர் வரவில் கழிக்க முடியாதது போலத்தான் இதுவும்.

ஆகவே மொத்த எடையை அறையின் பரப்பால் வகுக்கக் கூடாது. மூட்டைகள் உண்மையில் உட்கார்ந்திருக்கும் இடத்தின் பரப்பால்தான் வகுக்க வேண்டும். நாம் பார்த்த அட்டியை டேப் வைத்து அளந்தோம். அகலத்தில் 2.7 மீட்டர், நீளத்தில் 4.4 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 11.9 சதுர மீட்டர். 12,000 கிலோவை 11.9-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1,000 கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. அனுமதித்தது 400, ஏற்றியது 1,000. இரண்டரை மடங்கு! முதலாளி கணக்கில் ஆறாயிரம் கிலோ பாக்கி இருந்த அதே தளம் இது.

இந்த 400 எங்கிருந்து வருகிறது?

கட்டிடம் வடிவமைக்கும்போது, அதில் என்ன வேலை நடக்கும் என்பதை வைத்துப் பயன்பாட்டுச் சுமையைப் பொறியாளர் தீர்மானிக்கிறார். இதற்கு இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 என்ற நூலின் இரண்டாம் பகுதி (1987) குறைந்தபட்ச அளவுகளைக் கொடுத்திருக்கிறது. அதில் சுமையைக் கிலோ நியூட்டன் என்ற அலகில் சொல்லியிருப்பார்கள். ஒரு கிலோ நியூட்டன் ஏறக்குறைய 102 கிலோ எடைக்குச் சமம். நாம் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்கும் சுலபம், பாதுகாப்பும் கூட.

அந்த நூலின்படி குடியிருப்பு வீட்டு அறைகளுக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிலோ. சில்லறைக் கடைக்கு 400 கிலோ. மொத்தக் கடைக்கு வைக்கும் சரக்கைப் பார்த்துக் கணக்கிட வேண்டும், ஆனால் 600 கிலோவுக்குக் குறையக் கூடாது. சரக்குக் கிடங்கு என்றே கட்டுவதற்கும் வைக்கும் பொருளின் கனத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டும், குறைந்தது 750 கிலோ. சதுர அடியில் நினைத்துப் பழகியவர்கள் இந்த எண்களை 10.76-ஆல் வகுத்துக்கொள்ளலாம். 400 கிலோ என்பது சதுர அடிக்குச் சுமார் 37 கிலோ.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டிடம் இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதைத் தளம் அறியாது. கட்டியபோது எதற்காகக் கட்டினார்கள் என்பதே கணக்கு. வீடாகக் கட்டிய மாடியை வாடகைக்குப் பிடித்து "குடோன்" என்று போர்டு மாட்டினால் 200 கிலோ 750 கிலோ ஆகிவிடாது. நாம் சென்று பார்த்த கட்டிடமும் சில்லறைக் கடைக்கென்று கட்டியதுதான்; வியாபாரம் பெருகி மொத்தக் கடை ஆன பிறகும் தளம் பழைய தளமாகவே இருந்தது.

நமது தளத்தின் அளவு எது என்பதை முதலில் கட்டிட வரைபடத்தில் தேட வேண்டும். நகராட்சி அனுமதிக்குக் கொடுத்த பிளானில் இது பெரும்பாலும் இருக்காது. கம்பி விவரம் போட்ட வடிவமைப்பு வரைபடத்தில் இருக்கும். 300 கிலோவுக்கு மேல் தாங்கும்படி வடிவமைத்த தளத்தில், அந்த அளவை எழுதிய நிரந்தர அறிவிப்பைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்றும் மேற்சொன்ன நூலில் விதி இருக்கிறது. நம் கடைவீதியில் எத்தனை கட்டிடங்களில் அது இருக்கிறது என்று நாமே எண்ணிப் பார்க்கலாம். வரைபடமும் இல்லை, அறிவிப்பும் இல்லை என்றால் ஊகித்து எழுதிக்கொள்ளக் கூடாது. பொறியாளர் வந்து தளத்தின் கனம், பீம்களின் இடைவெளி, உள்ளிருக்கும் கம்பி ஆகியவற்றைப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

சென்னை ஜார்ஜ் டவுன் போன்ற பழைய வணிகப் பகுதிகளில், தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடிகள் இருக்கின்றன. அவற்றின் பலம் சட்டத்தின் முனை சுவருக்குள் உளுத்திருக்கிறதா, கறையான் பிடித்திருக்கிறதா என்பதில் அடங்கியது. அந்த மாடிகளுக்கு இந்தப் பாடத்தின் எந்த எண்ணும் பொருந்தாது. நேரில் பரிசோதித்த பிறகே சரக்கு ஏற்ற வேண்டும்.

ஒரு அடுக்கின் எடை

எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லோடு வரும்போதும் மொத்த எடை, பரப்பு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. லாரி நிற்கும், கூலி ஏறும். அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் "ஒரு அடுக்கு என்ன கனம்" என்பதை ஒரே தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

முறை இதுதான். மூட்டையை அட்டியில் கிடப்பது போலப் படுக்கவைத்து, நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளக்க வேண்டும். காலிச் சாக்கை அளக்கக் கூடாது. சரக்கு நிரம்பி உப்பினால் அகலம் குறையும். இரண்டையும் பெருக்கினால் மூட்டை பிடிக்கும் இடம். மூட்டையின் எடையை அந்த இடத்தால் வகுத்தால் ஓர் அடுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏற்றும் எடை.

சர்க்கரை மூட்டை: நீளம் 90 செ.மீ., அகலம் 55 செ.மீ. 0.90-ஐ 0.55-ஆல் பெருக்கினால் 0.495, அரைச் சதுர மீட்டர் என்று கொள்வோம். 50 கிலோவை 0.5-ஆல் வகுத்தால் 100. ஆக, ஓர் அடுக்குச் சர்க்கரைக்குச் சதுர மீட்டருக்கு 100 கிலோ. பத்து அடுக்கு என்றால் 1,000 கிலோ. அட்டி பெரிதா சிறிதா என்பது இதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இருபது மூட்டை அட்டியானாலும் இருநூறு மூட்டை அட்டியானாலும், பத்து அடுக்கு என்றால் அதன் அடியில் 1,000 கிலோதான். எனவே நாம் எண்ண வேண்டியது மூட்டையை அல்ல, அடுக்கை.

சிமென்ட் மூட்டையும் 50 கிலோதான். ஆனால் அது சிறிய பை. படுத்தால் சுமார் 0.3 சதுர மீட்டர்தான் பிடிக்கும். 50-ஐ 0.3-ஆல் வகுத்தால் 167 கிலோ. எடை ஒன்றாக இருந்தும் ஓர் அடுக்கின் கனம் சர்க்கரையைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. மறுபுறம் வற்றல் மிளகாய் மூட்டையைப் பாருங்கள். உதாரணத்துக்கு 30 கிலோ எடையில், ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலமுள்ள மூட்டை என்றால் 0.6 சதுர மீட்டர். ஓர் அடுக்குக்கு 50 கிலோதான். "மாடியில் ஆறடிக்கு அடுக்கினோம், ஒன்றும் ஆகவில்லை" என்று மிளகாய்க் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுச் சர்க்கரைக் கடைக்காரர் அதே உயரம் அடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

எத்தனை அடுக்கு?

அனுமதித்த எடையிலிருந்து முதலில் மூட்டைக்கு அடியில் போடும் மரக்கட்டைகளின் எடையைக் கழிக்க வேண்டும். நாம் பார்த்த குடோனில் கட்டைகளை நிறுத்துப் பார்த்ததில் சதுர மீட்டருக்கு 15 கிலோ வந்தது. மீதியை ஓர் அடுக்கின் எடையால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட வேண்டும். 3.8 வந்தால் மூன்று அடுக்குத்தான், நான்கு அல்ல.

400-ல் 15 போனால் 385. அதை 100-ஆல் வகுத்தால் 3.85. ஆகச் சில்லறைக் கடைக்கென்று கட்டிய மாடியில் சர்க்கரை மூன்றே அடுக்கு. ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 13 செ.மீ.; மூன்று அடுக்கு 40 செ.மீ. அதாவது முழங்கால் அளவுகூட எட்டாது! இதே கட்டைகளோடு 600 கிலோ தளத்தில் ஐந்து அடுக்கு. 750 கிலோ தளத்தில் ஏழு அடுக்கு. அதுவும் ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான். வீட்டு மாடியில் ஒரே அடுக்கு. சிமென்ட் என்றால் 400 கிலோ தளத்தில் இரண்டு அடுக்கு. மேலே சொன்ன மிளகாய் மூட்டை ஏழு அடுக்கு வரை போகலாம்.

இதைக் கேட்டதும் அந்த முதலாளி சொன்ன பதிலை நம்மில் பலரும் சொல்வோம். "பத்து வருஷமாக இப்படித்தான் அடுக்குகிறேன். இன்ஜினியர்கள் எப்போதும் இரண்டு மடங்கு பலம் வைத்துத்தான் கட்டுவார்கள்."

கூடுதல் பலம் வைப்பது உண்மை. எவ்வளவு, எதற்காக என்பதுதான் கேள்வி. அந்தத் தளம் 12 செ.மீ. கனமுள்ள கான்கிரீட். அதன் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 300 கிலோ. மேலே போட்ட தரையும் கீழ்ப் பூச்சும் சேர்த்து 100 கிலோ. அனுமதித்த சரக்கு 400 கிலோ. மொத்தம் 800. இதை ஒன்றரை மடங்காக்கி 1,200 கிலோவுக்கு வடிவமைப்பார்கள். இப்போது நிலைமை என்ன? சொந்த எடை 300, தரை 100, சர்க்கரை 1,000, மொத்தம் 1,400. ஒன்றரை மடங்கு வைத்த எல்லையையும் தாண்டி 200 கிலோ அதிகம்.

இதற்கு மேலும் அந்தத் தளம் நின்றுகொண்டிருந்தது என்றால், கான்கிரீட்டும் கம்பியும் தரத்தில் குறைந்துபோனால் என்ன செய்வது என்று வைத்திருந்த கடைசி ஒதுக்கீட்டைத் தின்றுகொண்டு நின்றது என்று பொருள். கட்டும்போது மணல் கூடிப்போயிருக்கலாம். கழிவறைப் பக்கம் ஈரம் ஊறிக் கம்பி துருப்பிடித்திருக்கலாம். சுமை தூக்குபவர் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைக்காமல் "தொம்" என்று போடலாம். அந்த ஒதுக்கீடு இவற்றுக்கெல்லாம் பொறுப்பு. அது நம் சரக்குக்கு உரியதல்ல. பத்து வருடம் தாங்கியது என்பதும் ஆதாரமாகாது. கனம் நெடுநாள் கிடந்தால் கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே போகும். கம்பியும் ஆண்டுதோறும் துருவில் மெலியும். முதல் வருடத்துத் தளமும் பத்தாவது வருடத்துத் தளமும் ஒன்றல்ல.

தரை மேல் தரை

தளத்தின் அளவைச் சத்தமில்லாமல் குறைக்கும் காரியம் ஒன்று உண்டு. பழைய சிமென்ட் தரை பொரிந்துவிட்டது என்று அதை உடைக்காமல், அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டுகிறோம். கலவையும் டைல்ஸும் சேர்ந்து 5 செ.மீ. கனம் வந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்குக் குறையாது. வடிவமைப்பில் இல்லாத இந்த எடை, சரக்குக்கென்று வைத்த 400-லிருந்துதான் போகும். மீதி 300. சர்க்கரையில் சரியாக ஓர் அடுக்கு போய்விட்டது. பழைய தரையை வெட்டி எடுத்த பிறகே புதுத் தரை போட வேண்டும். போட்டாகிவிட்டது என்றால் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நனைந்த சரக்கும் அப்படியே. மழையில் ஒழுகி நனைந்த சாக்கு, உள்ளே ஈரம் ஏறிய தவிடு, புண்ணாக்கு இவற்றின் எடை பில்லில் இருக்கும் எடை அல்ல. ஒழுகும் மாடியில் அடுக்கை ஒன்று குறைத்தே போட வேண்டும்.

அறிகுறிகள் என்ன?

மாடியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டு பீம்களுக்கு நடுவில், பீமுக்கு இணையாகக் கீறல் ஓடியிருக்கிறதா? பீமின் அடிப்பாகத்தில் நடுப்பகுதியில் குறுக்குக் கீறலோ, தூணுக்குப் பக்கத்தில் சாய்வான கீறலோ இருக்கிறதா? இதில் சாய்வான கீறல் மிகவும் ஆபத்தானது. அதைக் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பூச்சு உப்பி, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருக்கலாம். ஷட்டரும் கதவும் திடீரென்று இறுகுவது, மேலிருக்கும் பீம் தொய்ந்து சட்டத்தின் மேல் உட்காருவதால் இருக்கலாம். நாம் சென்ற கடையில் இரண்டு பீம்களுக்கு இடையில் கீறல் ஓடியிருந்தது. கல்லாவுக்கு நேர் மேலே.

நாமே செய்யக்கூடிய ஒரு சோதனை, நூல் பிடிப்பது. தளத்தின் அடியில், ஒரு பீம் ஓரத்திலிருந்து அடுத்த பீம் ஓரம் வரை நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து தேதியோடு எழுதிவைக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே கனமான கட்டையை வைத்து நூலைச் சற்று கீழே இறக்கிக் கட்டினால் அளப்பது எளிது. சரக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை, ஏற்றிய பின் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. பூச்சு மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் ஒரு தடவை அளந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. எண் மாறுகிறதா என்பதே செய்தி. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, மொத்தத் தொய்வு இடைவெளியின் 250-ல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 3 மீட்டர் இடைவெளிக்கு 12 மி.மீ. அதற்குள் இருந்தாலும், மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

ஆனால் கீறல் இல்லை, தொய்வு இல்லை என்பதற்காகச் சுமை சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிகுறி என்பது கணக்குத் தவறிய பிறகு வருவது. கணக்கே முதல் காவல்.

அந்தக் குடோனை எப்படிச் சரிசெய்தோம்?

பொறியாளர் முதலில் செய்தது, கீழே இருந்தவர்களை வெளியேற்றியது. கடையை அரைநாள் அடைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை, தீபாவளிச் சீசன். ஆயினும் கல்லாவுக்கு மேலே 12 டன் இருக்கும்போது, மூட்டையை அசைக்கும் நேரம்தான் அதிக ஆபத்து என்று எடுத்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். ஏறி வேலை பார்க்க நான்கு பேர் மட்டும். மேலடுக்கிலிருந்து பரவலாக எடுத்து நேரே கீழே இறக்கினார்கள். பக்கத்தில் இறக்கி வைத்து மறு அட்டி போட்டால், பாரம் அடுத்த பகுதிக்கு மாறுமே தவிர குறையாது.

மேஸ்திரி ஒருவர், "நடுவில் ஒரு சவுக்கு மரத்தை முட்டுக் கொடுத்துவிடலாமே" என்றார். பொறியாளர் தடுத்துவிட்டார். இரண்டு பீம்களுக்கு இடையில் தொய்யும் தளத்துக்கு நடுப்பகுதியில் கம்பி அடியில் இருக்கும். நடுவில் முட்டுக் கொடுத்தால் அந்த இடத்தில் தளம் மேற்புறம் பிளக்கப் பார்க்கும். மேலே கம்பி இருக்காது. முட்டு எங்கே, எத்தனை, எதன் மேல் நிற்க வேண்டும் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

கீறல் விழுந்த தளத்தைப் பொறியாளர் பரிசோதித்து, பழுது பார்த்து, 400 கிலோவுக்குத் தகும் என்று எழுதிக் கொடுத்த பிறகே மறுபடி சரக்கு ஏறியது. புது ஏற்பாடு இப்படி. 5 மீட்டர் அகலத்தில் நடுவே ஒரு மீட்டர் நடைபாதை. அதன் இரு பக்கமும் இரண்டு மூட்டை நீளம், அதாவது 1.8 மீட்டர் அகலத்துக்கு அட்டி. சுவர் ஓரம் 20 செ.மீ. காலி, ஈரமும் எலியும் தெரிய அது வேண்டும். நீளவாக்கில் 15 மூட்டை, 8.25 மீட்டர். ஒரு பக்கத்து அட்டியில் அடுக்குக்கு 30 மூட்டை; இரண்டு பக்கமும் 60. மூன்று அடுக்கில் 180 மூட்டை. சுமை, கட்டையோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 315 கிலோ. மீதி 85 கிலோ, நடமாட்டத்துக்கும் வேலைக்கும்.

பாக்கி 60 மூட்டை கீழ்த்தளத்தின் பின்புறம் போனது. மண்ணின் மேல் நேராகப் போட்ட தரைக்கு மாடித் தளம் போல வளையும் பயம் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது, தரை அமுங்குவதும், அட்டி சுவரில் சாய்வதும்தான். அங்கே ஏற்கெனவே இருந்த மிளகாய், பப்படம், அப்பளப் பெட்டிகள் மாடிக்கு வந்தன. கனமான சரக்குக் கீழே, இடம் பிடிக்கும் சரக்கு மேலே. வாடகை கூடவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

பால்கனி, வெளியே நீட்டிய தளம், பரண் ஆகிய மூன்றிலும் லாரியிலிருந்து இறக்கும்போது "கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றுகூட மூட்டை வைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள தளம், எச்சரிக்கை கொடுக்காமலே விழக்கூடியது.

பயிற்சிக் கணக்கு

2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தபோது 26 கிலோ பைகள் புழக்கத்துக்கு வந்தது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பையை வைத்தே ஒரு கணக்கு. பை படுத்தால் 75 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். தளம் 400 கிலோவுக்குக் கட்டியது. பின்னர் பழைய தரையின் மேல் 5 செ.மீ. கனத்தில் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். கட்டை 15 கிலோ. எத்தனை அடுக்கு போடலாம்?

விடை: 0.75-ஐ 0.45-ஆல் பெருக்கினால் சுமார் 0.34 சதுர மீட்டர். 26-ஐ அதனால் வகுத்தால் ஓர் அடுக்கு ஏறக்குறைய 77 கிலோ. 400-ல் புதுத் தரை 100, கட்டை 15 போக 285. அதை 77-ஆல் வகுத்தால் 3.7. ஆக மூன்று அடுக்கு.

இந்தக் கணக்கைத் தம்தம் சரக்குக்குப் போட்டு முடித்தவர்கள், விடையைப் பேரேட்டில் எழுதி வைப்பதைவிடக் குடோன் சுவரில் எழுதி வைப்பது நல்லது. ஏனென்றால் அடுக்குபவர் பேரேட்டைப் பார்ப்பதில்லை. அந்தக் கடையின் மாடிச் சுவரில் இப்போது சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் இப்படி எழுதியிருக்கிறார்கள்:

"இந்தத் தளம் சதுர மீட்டருக்கு 400 கிலோ. சர்க்கரை 3 அடுக்கு. மிளகாய் 7 அடுக்கு. சிமென்ட் 2 அடுக்கு. மூட்டையைப் போடாதே, இறக்கி வை. கீழே ஆள் இருக்கிறார்கள்."

கடைசி வரியை எழுதச் சொன்னவர் கணக்குப்பிள்ளை.